சாமியறை வாசலில் கழற்றிய செருப்பு

"கண்ண மூடிக்கங்கம்மா. கால்ல தொடும்போது 'ஆம்'னு மட்டும் சொல்லுங்க," என்றார் கிளினிக் தாதி.

என் மனைவி கண்களை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடை சொல்லக் காத்திருக்கும் சிறுமியைப் போல நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். தாதியின் கையில் தூண்டில் நரம்பை ஒத்த நைலோன் இழை ஒன்று இருந்தது. அதன் நுனியை உள்ளங்காலில் வைத்து, இழை வளையும் வரை அழுத்தி எடுத்தார். பெருவிரலின் அடியிலும், விரல்களின் வேர்ப்பகுதியிலும், இன்னும் சில இடங்களிலும் அவ்வாறே செய்தார். சற்று நேரத்தில் என் மனைவி கண்ணைத் திறவாமலே கேட்டாள்:

"ஏன் பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?"

தாதி என்னைப் பார்த்தார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர்; எப்போதும் சிரித்த முகத்தினர். அன்று அவர் சிரிக்கவில்லை.

"முடிஞ்சிருச்சும்மா," என்றார்.

கண்டியில் நாங்கள் குடியேறி நெடுங்காலமாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியப் பணிக்காக வந்த நான், ஓய்வு பெற்ற பின்னரும் அம்பிட்டிய வீதியில் ஒரு மேட்டு வீட்டிலேயே தங்கிவிட்டேன். என் மனைவிக்கு நீரிழிவு நோய் உண்டென்பது பழைய செய்தி. அவள் அதைச் 'சீனி வருத்தம்' என்பாள். மாத்திரை விழுங்குவதும் சோற்றைக் குறைப்பதும் அதற்குப் போதுமான மரியாதை என்று கருதியிருந்தாள். கால்கள் உணர்ச்சியை இழந்துகொண்டிருந்ததை அவளும் அறியவில்லை, நானும் அறியவில்லை. உணர்ச்சி போவதை எந்த உணர்ச்சி அறிவிக்கும்?

தாதி எங்களுக்குச் சொன்னவை எளிய செய்திகளே. நாள்தோறும் இரு கால்களையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளங்கால், குதி, விரலிடுக்கு எதையும் விடலாகாது. வெடிப்போ கொப்புளமோ நிறமாற்றமோ இருந்தால் அறிவிக்க வேண்டும். கழுவிய பின் விரலிடுக்குகளின் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீரில் காலை வைக்கக் கூடாது. காய்ப்புத் தோலைப் பிளேடால் சீவக் கூடாது. வெறுங்காலுடன் நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும்கூட.

"வீட்டுக்குள்ளையும் செருப்போ?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆமாம்மா. வெளிய போட்டது வேணாம். உள்ளுக்குன்னு தனியா ஒண்ணு வச்சுக்கங்க."

"குசினியிலை?"

"குசினியிலயுந்தான். சமைக்கிறப்பயும் கழட்டாதீங்க."

"சாமியறையிலை?"

தாதி ஒரு கணம் தயங்கினார். அவரும் சாமி கும்பிடுகிறவர். "அங்க என்னம்மா பண்றது," என்று மெல்லச் சொல்லிவிட்டு, "பாத்து நடங்க," என்றார்.

அந்தத் தயக்கத்தை என் மனைவி அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டாள்.

சப்பாத்து வாங்க நகரத்துக்குச் சென்றது ஒரு மாலைப்பொழுதில். பகல் முழுதும் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும்; அப்போது பொருந்துவதே நாள் முழுதும் பொருந்தும் என்று தாதி சொல்லியிருந்தார். முன்பக்கம் அகன்று உயர்ந்தது, விரல்களை நெருக்காதது, உள்ளே தையல் முண்டு இல்லாதது, குதியைப் பிடித்து நிறுத்துவது, மெத்தென்ற அடித்தளம் கொண்டது என்று நான் அடுக்கிக்கொண்டு போக, கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கினார். இறுதியில் பொருந்தியது கறுப்பு நிறத்தில் அகன்ற ஒரு சோடி.

"இதைப் போட்டுக்கொண்டு நான் பொலிஸிலை சேரலாம்," என்றாள் என் மனைவி.

"சேரும். பெரஹரா ஊர்வலத்திலை காவலுக்கு ஆள் காணாதாம்."

"உங்களை முதலிலை பிடிச்சு உள்ளுக்கை போடுவன்."

வெளியே செல்ல அந்தச் சோடி. வீட்டுக்குள் அணிய, முன்விரல்களை மூடிய மென்மையான ஒரு சோடி. இரண்டையும் அவள் ஏற்றுக்கொண்டாள். ஏற்காதது ஒன்றே: நான் அவளுடைய காலைப் பார்ப்பது.

இதை இன்றைய வாசகர்க்கு விளக்க வேண்டியிருக்கலாம். எங்கள் வீட்டு வழக்கில், விழா நாள்களில் மனைவி கணவனின் காலைத் தொட்டு வணங்குவாள். கணவன் மனைவியின் காலைத் தொடுவது அவளுக்குப் பாவம் சேர்க்கும் செயலாகக் கருதப்பட்டது. அவளுடைய தாய் அவ்வாறு சொல்லி வளர்த்திருந்தார். தவறுதலாக அவளுடைய பாதம் என்மீது பட்டாலே கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். மேலும் அவளுக்கு முழங்கால் மூட்டு வாதம். குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்படி தாதி சொல்லியிருந்தார். கண்ணாடியும் வாங்கினோம். ஆனால் கண்புரை முற்றிய கண்ணுக்குக் கண்ணாடி என்ன காட்டும்?

"பாத்தனீரோ?" என்று மாலைதோறும் கேட்பேன்.

"ஓம், பாத்தனான்."

"என்ன தெரிஞ்சது?"

"கால்தான் தெரிஞ்சது. வேறென்ன தெரிய வேணும்?"

இவ்வாறு நாள்கள் சென்றன. அமைதியாக இருக்க என்னால் இயலவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் கண் நிற்கும். அவள் நடக்கும் ஓசையைச் செவி அளந்துகொண்டிருக்கும். காலைப் பார்க்க அனுமதி இல்லாததால் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ மடிப்போ உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும் என்பதும் தாதி சொன்னவற்றுள் ஒன்று. சப்பாத்தைத் தொடுவதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. "வயசு போக வீட்டுக்காரருக்குச் சப்பாத்துக்கடை வேலை கிடைச்சிருக்கு," என்று அயல்வீட்டாரிடம் சொல்லிச் சிரித்ததோடு சரி.

ஆடி மாதம் பிறந்தது. ஆடிவெள்ளிகளில் மாலையில் வீடு முழுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவது அவளுடைய நியமம். சிரட்டைக் கரியைத் தணலாக்கித் தூபக்காலில் இட்டு, அறை அறையாகக் கொண்டு செல்வாள், முடிவில் சாமியறை. அதன் வாசலில் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு வெறுங்காலுடன் உள்ளே போவாள். அவ்வாறான ஒரு வெள்ளியன்று, நான் முன்னறையில் இருந்தபோது, சாம்பிராணி மணத்தோடு வேறொரு கருகல் நாற்றமும் கலந்து வந்தது.

"என்ன எரியுது?" என்று கேட்டேன்.

"பாய் நுனியிலை தணல் விழுந்திட்டுது. தண்ணி தெளிச்சிட்டன்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அதன் பிறகு வந்த வியாழன் காலை. அன்று அவள் சந்தைக்குப் புறப்படவிருந்தாள். மறுநாள் கடைசி ஆடிவெள்ளி, பூவும் வெற்றிலையும் வேண்டும். வழக்கம்போல் கறுப்புச் சப்பாத்துக்குள் கையை விட்டேன். இடது கால் சப்பாத்தின் அடித்தளம் ஈரமாக இருந்தது. மழையில் நனைந்ததோ என எண்ணி வலதைத் தடவினேன், அது உலர்ந்திருந்தது. விரலை வெளியே எடுத்தபோது மஞ்சள் கலந்த ஒரு கறை. முகர்ந்தேன். அந்த நாற்றத்தை விவரிக்க நான் விரும்பவில்லை. அழுகல் என்று சொன்னால் போதும்.

"இஞ்சரும், இப்பிடி வந்து இரும்," என்றேன்.

"சந்தைக்கு நேரம் போகுது."

"சந்தை நிக்கட்டும். காலைக் காட்டும்."

"என்னப்பா விடியக்காலமை..." என்று தொடங்கியவள், என் விரலில் இருந்த கறையைக் கண்டு பேச்சை நிறுத்தினாள். பிறகு, "சின்னப் புண். மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டுக் கட்டியிருக்கிறன். நோகேல்லை," என்றாள்.

"எப்ப வந்தது?"

"போன வெள்ளி. தணலிலை மிதிச்சிட்டன் போலை. மணம் வந்தபிறகுதான் கீழை பாத்தனான்."

கருகியது பாயல்ல. தன் கால் எரிந்ததை அவள் நாற்றத்தால் அறிந்திருக்கிறாள். என் கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

"திங்கக்கிழமை கிளினிக்தானே. அங்கை காட்டுவம். நாளைக்கு வெள்ளி முடியட்டும். நோகாத புண்ணுக்கு ஆர் விழுந்தடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது?"

நான் தரையில் அமர்ந்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ள முயன்றாள்.

"வேண்டாம். பாவம் வரும்."

"வந்தால் வரட்டும். அதை நான் கொண்டுபோறன்," என்று சொல்லிக் கட்டை அவிழ்த்தேன். நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட இல்லறத்தில் அவள் உள்ளங்காலை அன்றுதான் கண்டேன்.

இரண்டாம் விரலின் அடியில் ஒரு குழி. விளிம்பு வெளிறி ஊறியிருந்தது. நடுவில் மஞ்சளின் நிறமோ சீழின் நிறமோ பிரித்தறிய முடியாத ஈரம். அந்த விரல் உருண்டு தடித்து, கருநீலம் படர்ந்திருந்தது. செம்மை புண்ணோடு நிற்கவில்லை. பாதத்தின் மேற்புறம் ஏறிக் கணுக்காலை நோக்கிச் சென்றிருந்தது. என் புறங்கையை முதலில் வலக்காலில் வைத்தேன், பிறகு இடக்காலில். இடக்கால் சுட்டது. அவள் சேலைத்தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்தினாள்.

"குளிருதோ?"

"இரவு தொடக்கம் கொஞ்சம் நடுக்கம். மழைக்குணம்."

குருதியின் சருக்கரையை அளக்கும் சிறு கருவி வீட்டில் இருந்தது. விரல்நுனியில் குத்திப் பார்த்தேன். உணவில் எவ்வித மாற்றமும் இல்லாமலே, நான் அதுவரை கண்டிராத எண்ணைக் காட்டிற்று. சிவப்பு பரவுதல், சூடு, வீக்கம், சீழ், நாற்றம், நிறம் கறுத்தல், காய்ச்சல், நடுக்கம், காரணமின்றி ஏறும் சருக்கரை. இவற்றுள் எதைக் கண்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். எதைக் கண்டாலும் என்றார். என் முன்னே அனைத்தும் இருந்தன.

"வெளிக்கிடும். இப்பவே போறம்."

"இண்டைக்குப் பெரஹரா. றோட்டெல்லாம் பூட்டுவாங்கள். போனாலும் திரும்பி வரேலாது."

"அதாலைதான் இப்ப போறம்."

"நாளைக்கு வெள்ளி..."

"உமக்குக் கால் வேணுமோ, வெள்ளி வேணுமோ?"

கடுமையாகத்தான் கேட்டேன். அவள் எழுந்து சாமியறைப் பக்கம் போனாள். வாசலில் நின்றபடியே கைகூப்பிவிட்டுத் திரும்பினாள், உள்ளே போகவில்லை.

புண்ணைச் சுத்தமான துணியால் தளர்வாக மூடினேன். அந்தக் காலை ஊன்றி நடக்க வேண்டாம் என்று கூறி, அயலிலிருந்த முச்சக்கரவண்டிக்காரரை அழைத்தேன். அவர் ஒரு முஸ்லிம். என் பழைய மாணாக்கர் ஒருவரின் தம்பி. அவரும் நானும் அவளை ஒரு கதிரையில் இருத்தி, அப்படியே தூக்கிப் படியிறக்கினோம்.

"டீச்சர், நீங்க ராணி மாதிரி போறீங்க. பல்லக்குத்தான் இல்ல," என்றார் அவர். என் மனைவி ஒருநாளும் ஆசிரியையாக இருந்ததில்லை. ஆயினும் ஆசிரியர் வீட்டுப் பெண் அவருக்கு டீச்சர்தான்.

"பல்லக்கெல்லாம் யானைக்குப் பின்னாலை போயிட்டுது, தம்பி," என்றாள் அவள்.

யானை ஊர்வலத்தைக் காண முற்பகலிலேயே வாவிக்கரை நிறைந்திருந்தது. மக்கள் நடைபாதையில் பாயும் பொலித்தீனும் விரித்து, சோற்றுப் பொதிகளோடு மாலைக்காக இடம்பிடித்திருந்தனர். ஒரு சந்தியில் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். வேறு வழியால் போகுமாறு சைகை செய்தார். அந்த வழியிலோ பேருந்துகள் அசையாமல் நின்றன. ஓட்டுநர் இறங்கிச் சென்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலர் வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்தார். துணியால் மூடிய காலில் அவருக்கு அவசரம் ஏதும் தென்படவில்லை. குருதி இல்லை, முனகல் இல்லை. மனைவி அவரைப் பார்த்துப் புன்னகையும் செய்தாள். நல்ல நோயாளி போல இரும் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. பிறகு அவர் நாற்றத்தை உணர்ந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு தடுப்பை நகர்த்தினார்.

"எங்கட உம்மாக்கும் இப்பிடித்தான் மாஸ்டர்," என்றார் ஓட்டுநர், வண்டியைக் கிளப்பியபடி. "நோகல்ல நோகல்லண்டு சொல்லிச் சொல்லியே முழங்காலோட போச்சு." பின்னால் இருப்பவள் கேட்கிறாள் என்பது நினைவுக்கு வந்து, அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். என் மனைவி அதுவரை தன் மடியைப் பார்த்திருந்தவள், அப்போது முதன்முறையாகத் தன் காலைப் பார்த்தாள்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் முதலில் அவளுடைய காய்ச்சலைப் பார்த்தார்; பிறகு பாதத்தின் மேற்புறத்தில் விரல்வைத்து நாடியைத் தேடினார். நாடி இருந்தது. அது நல்லதென்றார். மழுங்கிய முனையுடைய மெல்லிய உலோகக் கோலொன்றைப் புண்ணுக்குள் செலுத்தினார். கோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவளோ கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோல் ஏதோ கடினமான ஒன்றில் தட்டி நின்றது.

"எலும்பு," என்றார் மருத்துவர் ஆங்கிலத்தில், என்னிடம். "தொற்று ஆழமாகப் போயிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். மருந்தை நாளத்தில் ஏற்றத் தொடங்குகிறோம். இன்றே திறந்து சீழை வெளியேற்ற வேண்டும்."

"கால்?" என்று கேட்டேன்.

"விரல் தப்பாது என்று நினைக்கிறேன். காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம். திறந்த பிறகே சொல்ல முடியும்."

நான் அதைத் தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் தொடங்குமுன் அவளே உதவினாள்.

"வெட்டப் போகினமோ?"

"ஒரு விரல். மிச்சத்தை வைச்சிருக்கத்தான் பாக்கினம்."

அவள் தன் காலைப் பார்த்தாள். "மெட்டி போடுற விரல்," என்றாள்.

அந்தப் பிற்பகல் முழுதும் நடைகூடத்தில் நடந்தேன். இருக்கை இருந்தது, அமர்ந்தால் எழத் தோன்றிற்று, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அறுவை அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வெளியே வந்து, வேறு யாருடைய பெயரையோ அழைத்தார். நகரின் நடுவிலிருந்து மேளத்தின் ஒலி தொடங்கிவிட்டிருந்தது. அதை ஆண்டுதோறும் கேட்டவன் நான். அன்று அது நிற்காதா என்றிருந்தது.

கால் தப்பியது. விரலையும் அதை ஒட்டிய அழுகிய தசையையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை சிவப்பு எங்கே நிற்கிறது என்று மருத்துவர் பேனாவால் கோடிட்டிருந்தார். அக்கோட்டைத் தாண்டிவிடுமோ என்று நானும், என்னைப் பார்த்து அவளும், காலையும் மாலையும் கணுக்காலையே பார்த்திருந்தோம். கோட்டுக்குள்ளேயே அது பின்வாங்கியது. சருக்கரையை இன்சுலின் ஊசியால் அடக்கினார்கள். அந்தப் பாதத்தில் பாரம் படாதிருக்கச் சிறப்பான காலணி ஒன்று தரப்பட்டது. புண் ஆறப் பல வாரங்கள் சென்றன. "ஒருமுறை புண் வந்த காலில் மறுமுறையும் வரும் வாய்ப்பு அதிகம்," என்று விடைபெறும்போது மருத்துவர் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

வீடு திரும்பிய பின் சாமியறைச் சிக்கலை அவளே தீர்த்தாள். புதிதாக ஒரு சோடி மென்செருப்பு வாங்குவித்தாள். அது தெருவையும் காணாது, குசினியையும் காணாது, சாமியறைக்கு மட்டும். முதல்நாள் அதன்மேல் திருநீறு தெளித்து, "நீங்களும் உள்ளுக்கை வாங்கோ," என்று செருப்பிடம் சொன்னதை நான் கேட்டேன். தூபக்காலை ஏந்தும் பணி என்னிடம் வந்தது. புகை நான் காட்டும் அழகைப் பற்றி அவளுக்கு நல்ல கருத்து இல்லை.

காலைப் பார்க்கும் பணியும் என்னுடையதாயிற்று. மாலையில் சாளரத்தருகே அவள் அமர்வாள்; நான் தரையில். முதலில் சில நாள்கள், நான் தொட்டு முடித்ததும் என் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பின்னர் அதுவும் சலித்துப்போய், "தாதியம்மா, இண்டைக்கு என்ன புதினம்?" என்று கேட்கத் தொடங்கினாள்.

சென்ற வாரம் ஒரு நாள், அவளுடைய வலக்காலில், சுண்டுவிரலின் வெளிப்புறத்தில், ஒரு சிவந்த புள்ளியைக் கண்டேன். விரலால் அழுத்தினேன், நிறம் மாறவில்லை. சற்றுச் சூடாகவும் பட்டது. அது குங்குமமாக இருக்கலாம் என்றெண்ணி ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. அவளிடம் எவ்வாறு தொடங்குவது என்று தலைகுனிந்தபடி சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன, பேச்சைக் காணேல்லை?" என்றாள்.

"ஒரு சிவப்பு. சின்னன்தான். சப்பாத்து உரசியிருக்கலாம்."

"தோல் விட்டிருக்கோ?"

"இல்லை."

"சூடோ?"

"கொஞ்சம்."

அவள் சாளரத்துக்கு வெளியே பார்த்தாள். மழை இறங்கத் தொடங்கியிருந்தது. நாளைக்குக் காலை என்று அவள் சொன்னால் என்ன மறுமொழி சொல்வதென்று நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சப்பாத்தையும் எடுத்து ஒரு பையிலை போடுங்கோ. எங்கை உரசுதெண்டு ஆஸ்பத்திரியிலை அவையும் பாக்க வேணுமே," என்றாள். "தம்பியின்ரை வண்டி நிக்குதோ எண்டு கேளுங்கோ. நான் இந்தக் காலை ஊண்டேல்லை."

நான் எழுந்து தொலைபேசியிடம் சென்றேன்.